அலமாரிப் படத்துக்குக் கீழே என்ன எழுதலாம்?

கல்மண்டபம் | 2024 ஜூன் 8, இரவு 9:10

அப்பாவோட புத்தக அலமாரியைப் படம் எடுத்து, ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டப் போறோம். ஆகஸ்ட்ல அவருக்கு 75. நாலு தட்டு, 163 புத்தகம். மொத்தமா வாங்கினது எதுவும் இல்ல; மாசம் ஒண்ணு, ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுன்னு சேர்ந்தது. எதைக் கையில எடுத்தாலும் "இது அங்க வாங்கினது, அன்னிக்கு யார் கூட வந்தாங்க தெரியுமா"ன்னு ஆரம்பிச்சுடுவார்.

படத்துக்குக் கீழே ஒரு கேப்ஷன் வேணும். "ஒவ்வொரு புத்தகமும் ஒரு நினைவு"ன்னு எழுதி வச்சிருக்கேன். இதைவிட நல்லதா சொல்லுங்க. அப்பா தமிழ்லதான் வேணும்னு சொல்லிட்டார்.

தண்டையார்பேட்டை செல்வம் | ஜூன் 8, இரவு 9:31

முதல்ல அலமாரியைச் சுவத்துலேர்ந்து நாலு விரல் தள்ளி வைங்க. நம்ம பக்கம் கடல் காத்து, சுவர் எப்பவும் ஈரம் குடிச்சுதான் இருக்கும். ஒட்டி வச்சா பின்பக்கப் பலகை உப்பி, பின்வரிசைப் புத்தகத்துல பூஞ்சை பிடிக்கும். கீழ்த் தட்டு தரையிலேர்ந்து அரை அடியாவது உயரம் இருக்கணும்.

கல்மண்டபம் | ஜூன் 8, இரவு 9:40

அண்ணா, அலமாரிக்கு இல்ல, படத்துக்குக் கீழே எழுதுற வாசகம் கேட்டேன். ஆனாலும் நன்றி, பின்பக்கம் ஒட்டித்தான் இருக்கு. நாளைக்கே தள்ளிடறேன்.

பழையதாள் | ஜூன் 9, காலை 6:50

"ஒவ்வொரு புத்தகமும் ஒரு நினைவு" என்பதைப் பெரம்பூரில் ஒரு வீட்டில் மாட்டினாலும் பொருந்தும், மதுரையில் மாட்டினாலும் பொருந்தும். அதனால்தான் அது உங்கள் அப்பாவின் அலமாரியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேப்ஷனை அலமாரியை எட்ட நின்று பார்த்து எழுதாதீர்கள். ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, அதற்குள் இருப்பதிலிருந்து எழுதுங்கள். விலை, தேதி, ஊர், கறை, இதெல்லாம் வேறு எந்த வீட்டிலும் இதே போல் இருக்காது.

இன்று மூன்றே மூன்று புத்தகங்களை எடுங்கள். அப்பா மிகப் பழையது என்று சொல்வது ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியாக வாங்கியது ஒன்று. ஒவ்வொன்றிலும் நான்கு இடம் பார்க்க வேண்டும்: முன்னட்டையின் உட்புறம், தலைப்புப் பக்கத்தின் மேல் மூலை (பழைய புத்தகக் கடைக்காரர்கள் பென்சிலில் விலை எழுதுவது அங்கேதான்), பதிப்பு விவரம் இருக்கும் பக்கம், பின்னட்டையின் உட்புறம். பிறகு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். டிக்கெட், ரசீது, கல்யாணப் பத்திரிகை ஏதாவது விழும். எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதும் முக்கியம், அதனால் மேசை மேல் செய்யுங்கள். கிடைப்பதை இங்கே எழுதுங்கள்.

முதல் பதிப்பு எந்த வருடம் என்பதையும் குறியுங்கள். அதற்கு முன்னால் வாங்கியிருக்க முடியாது.

கல்மண்டபம் | ஜூன் 9, மதியம் 1:15

பார்த்தாச்சு.

ஒண்ணு: சிறுகதைத் தொகுப்பு. அப்பா கையெழுத்து, மசியில 12-3-76. மேல் மூலையில பென்சில்ல 2/-. "மூர் மார்க்கெட், 1974, முதல் சம்பளத்துல வாங்கினது"ன்னு அப்பா சொல்றார். முதற்பதிப்பு 1968ன்னு போட்டிருக்கு. பக்கம் 40, 41 நடுவுல பல்லவன் பஸ் டிக்கெட்.

ரெண்டு: ஒரு அகராதி. முன்பக்கம் ரெண்டு மூணு தாளே இல்ல. தேதியும் இல்ல. பின்னாடி பதிப்பகத்தோட விளம்பரப் பக்கம் மட்டும் இருக்கு, கீழே சென்னை-600 001ன்னு முகவரி. லை, னை எல்லாம் பழைய யானைக்கொம்பு எழுத்து.

மூணு: ஒரு நாவல், 1991னு அப்பா எழுதி "மூர் மார்க்கெட்"னு கீழே போட்டிருக்கார்.

கடைசியா வாங்கினது புத்தகக் காட்சியில, போன ஜனவரி. அதுல ரசீது இருக்கு, ஆனா எழுத்து பாதி அழிஞ்சுடுச்சு. அஞ்சு மாசம்கூட ஆகல.

கொருக்குப்பேட்டை ரவி | ஜூன் 9, மாலை 5:02

1991 தப்பு. மூர் மார்க்கெட் 1985 மே மாசமே எரிஞ்சு போச்சு. எரிஞ்ச இடத்துல எப்படி வாங்கியிருப்பார்? அப்பாவுக்கு வருஷம் குழம்பியிருக்கும்.

அகராதியும் பழசு கிடையாது. மெட்ராஸ், சென்னைன்னு மாறினது 1996ல. முகவரில சென்னைன்னு இருந்தா அதுக்கு அப்புறம் அச்சடிச்சதுதான்.

பழையதாள் | ஜூன் 9, இரவு 10:20

ரவி சொன்ன இரண்டு வருடமும் சரி. அதிலிருந்து எடுத்த முடிவு இரண்டும் சரியில்லை.

மார்க்கெட் எரிந்தது 1985 மே 30. ஆனால் பழைய புத்தகக் கடைகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. அங்கே போய் வாங்கினாலும் நம் ஆட்கள் "மூர் மார்க்கெட்ல வாங்கினேன்" என்றுதான் சொல்வார்கள், இன்றைக்கும். அதனால் 1991 அப்படியே நிற்கட்டும். அழிக்கவே அழிக்காதீர்கள். துண்டுச் சீட்டில் மட்டும் "மூர் மார்க்கெட் (அல்லிக்குளம்)" என்று எழுதலாம்.

1996-ல் மாறியது ஆங்கிலப் பெயர். தமிழில் அதற்கு முன்பும் சென்னைதான், 1950-களின் தமிழ்ப் புத்தகங்களிலும் சென்னைதான். கடையின் ரப்பர் ஸ்டாம்ப் ஆங்கிலத்தில் இருந்தால் மட்டும் அந்தக் கணக்கு கொஞ்சம் உதவும். அதிலும் ஒரு பக்கம்தான்: Chennai என்று இருந்தால் பெரும்பாலும் 1996-க்குப் பிறகு. Madras என்று இருந்தால் எதையும் சொல்ல முடியாது, ஏனென்றால் பழைய ஸ்டாம்ப் தேயும்வரை குத்திக்கொண்டிருப்பார்கள்.

அகராதியில் உண்மையிலேயே பேசுவது 600 001. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட்டில். ஆகவே அந்தப் பிரதி அதற்கு முன் அச்சானதில்லை. யானைக்கொம்பு எழுத்து உதவாது. எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978-ல் வந்தாலும் அச்சகங்கள் கையிலிருந்த பழைய அச்சுகளை உடனே உருக்கிவிடவில்லை, பல வருடம் ஓட்டினார்கள். 1972-க்குப் பின் என்று மட்டும் எழுதுங்கள்.

என்னுடைய தவறு ஒன்றும் இருக்கிறது. முதற்பதிப்பு வருடத்தைப் பார்க்கச் சொன்னேன். அது போதாது. பதிப்பு விவரத்தில் கடைசி வரி எதுவோ அதுதான் உங்கள் கையிலிருக்கும் பிரதியின் வயது. சிறுகதைத் தொகுப்பை மறுபடி திறந்து முதற்பதிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கல்மண்டபம் | ஜூன் 10, காலை 7:35

"மூன்றாம் பதிப்பு, டிசம்பர் 1975."

அப்போ 1974ல முதல் சம்பளத்துல இதை வாங்கியிருக்க முடியாதா? அப்பாகிட்ட எப்படிச் சொல்றது, அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கார்!

பழையதாள் | ஜூன் 10, காலை 8:10

சொல்ல வேண்டாம். முதல் சம்பளத்தில் ஒரு புத்தகம் வாங்கியது பொய்யாக இருக்காது. அந்த நினைவு வேறு புத்தகத்திலிருந்து இதன் மேல் வந்து ஒட்டியிருக்கும். அது எந்தப் புத்தகம் என்று தேட வேண்டும்.

"எப்ப வாங்கினீங்க?" என்று கேட்டால் அவர் ஏற்கெனவே வாயில் பழகிய பதிலையே சொல்வார். புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். அவர் புரட்டட்டும். பிறகு வாங்கிய நாளைச் சுற்றியிருந்ததைக் கேளுங்கள்: எப்படி வீட்டுக்குக் கொண்டு வந்தீங்க, அப்ப எந்த வீட்டில இருந்தோம், கூட யார், அம்மா என்ன சொன்னாங்க. வீடும் வேலையும் மாறிய வருடங்கள் யாருக்கும் எளிதில் மறக்காது, அவற்றைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தின் வருடத்துக்கு வரலாம். போனில் பதிவு செய்யுங்கள். ஒரு உட்காருதலுக்கு இருபது புத்தகம் போதும். அதற்கு மேல் போனால் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே கதை வர ஆரம்பிக்கும்.

பஸ் டிக்கெட்டை வைத்து வாங்கிய வருடத்தை முடிவு செய்யாதீர்கள். 40-ஆம் பக்கத்தில் இருப்பதால் அது பக்க அடையாளம். வாங்கிப் பத்து வருடம் கழித்து மறுபடி படிக்கும்போதுகூட வைத்திருக்கலாம்.

நூலகத்தோழி | ஜூன் 10, இரவு 8:45

ரசீது அழிஞ்சதைப் பத்தி யாரும் சொல்லல. அது வெப்பத் தாள், மசியே கிடையாது. சூட்டுல கறுக்கிற பூச்சுதான் எழுத்து. பிளாஸ்டிக் உறைக்குள்ள வச்சா இன்னும் சீக்கிரம் வெளுக்கும். நல்லா தெரியுறப்பவே ஜெராக்ஸ் எடுத்துடுங்க, இல்லன்னா தேதி, கடை, விலை மூணையும் பென்சில்ல ஒரு சீட்டுல எழுதிடுங்க.

163 புத்தகத்துக்கும் சீட்டு வைக்கிறதா இருந்தா அளவு சொல்றேன். ஒரு ஏ4 தாளை நீளம் பாதியாகுற மாதிரி மடிச்சு, அந்த ரெண்டு பாதியையும் நாலு நாலு பட்டையா வெட்டினா எட்டுச் சீட்டு வரும். ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 5 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். 21 தாள் இருந்தா 168 சீட்டு, அஞ்சு மிச்சம். சாதா எச்பி பென்சில். நாலே வரி: எப்ப, எங்க, என்ன விலை, என்ன ஞாபகம். அப்பா சொன்னதா, புத்தகத்துல எழுதியிருந்ததான்னு பிரிச்சுக் காட்டணும். புத்தகத்துல இருந்ததை அப்படியே எழுதுங்க. அப்பா சொன்னதுக்கு முன்னாடி "அப்பா சொன்னது"ன்னு போடுங்க. இருபது வருஷம் கழிச்சுப் படிக்கிறவங்களுக்கு அந்த ரெண்டு வார்த்தை ரொம்ப முக்கியம்.

சீட்டை நடுப்பக்கத்துல வைக்காதீங்க, கடைசித் தாளுக்கும் பின்னட்டைக்கும் நடுவுல வைங்க. பத்திரிகைத் துணுக்கு கண்டிப்பா வேண்டாம். அது பழுக்கும்போது எதிர்ப் பக்கத்துலயும் அதே அளவுக்குப் பழுப்புச் சதுரம் விழும்.

கொருக்குப்பேட்டை ரவி | ஜூன் 10, இரவு 9:20

சீட்டு விழுந்து தொலைஞ்சுடுமே. ஒட்டிட்டா வேலை முடிஞ்சுது. செலோடேப், இல்ல ஸ்டேப்ளர் பின் ஒண்ணு.

நூலகத்தோழி | ஜூன் 10, இரவு 9:48

ரெண்டுமே வேண்டாம் ரவி. செலோடேப்போட பசை சில வருஷத்துல பழுப்பாகி தாளுக்குள்ள இறங்கிடும். அதுக்கப்புறம் மேல் நாடா தானா உரிஞ்சு வந்துடும், கறை மட்டும் நிக்கும். ஸ்டேப்ளர் பின் ராயபுரத்துக் காத்துல துரு பிடிச்சு, சுத்தியிருக்கிற தாளைத் தின்னுடும். மஞ்சள் ஒட்டுச் சீட்டு எடுக்கும்போது பசை கொஞ்சம் தங்கும், அந்தப் பிசுக்குல தூசி படியும். மைதாப் பசைன்னா ராமபாணப் பூச்சிக்கு விருந்து. அட்டை ஓரத்துல தாள் மேல்பக்கம் மட்டும் சுரண்டின மாதிரி மெலிஞ்சு இருந்தா அது ராமபாணம். நேரா துளை போட்டிருந்தா வேற பூச்சி.

தொலையும்னு பயமா இருந்தா ஒரு நோட்டுல வரிசை எண் போட்டு அதே நாலு வரியைத் திருப்பி எழுதுங்க. எண்ணைப் பென்சில்ல பின்னட்டை உள்பக்க மூலையில சின்னதா.

பழையதாள் | ஜூன் 10, இரவு 10:05

தோழி சொல்வதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அப்பாவே தன் கையால் தலைப்புப் பக்கத்தில் எழுத விரும்பினால் எழுதட்டும். 1976-லும் 1991-லும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். இப்போது நிறுத்தினால் அந்த வழக்கம் அங்கேயே நின்றுவிடும்.

நூலகத்தோழி | ஜூன் 10, இரவு 10:17

அவர் எழுதலாம், ஆனா பென்சில்ல.

பழையதாள் | ஜூன் 10, இரவு 10:21

1976-ல் மசியில் எழுதியிருக்கிறார். இன்று வரை நன்றாகத்தான் இருக்கிறது.

நூலகத்தோழி | ஜூன் 10, இரவு 10:30

மேல் தட்டுல இருந்ததால இருக்கு. கீழ்த் தட்டுல இருந்ததைக் கேட்டுப் பாருங்க.

கல்மண்டபம் | ஜூன் 11, காலை 6:40

கேட்டதும் போய்ப் பார்த்தேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. கீழ்த் தட்டுல 38 புத்தகம், எல்லாத்துலயும் அடியிலேர்ந்து ரெண்டு விரல் உயரத்துக்குப் பழுப்புக் கோடு. அதுல ஜெல் பேனாவால எழுதின ரெண்டு, ஊதாவா கரைஞ்சு எதிர்ப் பக்கம் வரைக்கும் போயிருக்கு. பென்சில்ல எழுதின விலை மட்டும் அப்படியே இருக்கு. தோழி அக்கா சொன்னதுதான் சரி.

அந்தத் தட்டு அசிங்கமா இருக்குன்னு படத்துல வராம மேல் மூணு தட்டை மட்டும் எடுக்கலாம்னு இருந்தேன்.

பழையதாள் | ஜூன் 11, காலை 7:30

மசி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். பென்சிலே எழுதட்டும்.

கீழ்த் தட்டைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். 38 புத்தகத்திலும் ஒரே உயரத்தில் ஓடும் கோடு இந்த ஊரில், இந்தத் தெருவில், இந்த அலமாரிக்கு மட்டும் நடந்தது. உங்கள் கேப்ஷனுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. சாய்வான வெளிச்சத்தில் எடுத்தால் தாள் ஓரம் அலை அலையாக நிற்பதும் படத்தில் தெரியும்.

ஆனால் முதலில் அந்தப் புத்தகங்களை மோந்து பாருங்கள். மண்வாசனை போல் மக்கிய வாடை அடித்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. சாம்பல் நிறத்தில் பொடி இருந்தால் மற்ற புத்தகங்களிலிருந்து தனியாக எடுத்து, நிழலில், மின்விசிறிக் காற்று படும்படி நிற்க வைத்து உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் அட்டை வளைந்துவிடும். பொடி நன்றாகக் காய்ந்த பிறகு, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய பிரஷால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து இறங்கிவிடும்.

எண்ணூர்க்காரன் | ஜூன் 11, மதியம் 2:12

இடையில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு கிளை நூலகத்தின் முத்திரை போட்ட புத்தகம் நான்கு இருக்கிறது. யார் எடுத்து வந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இதே மாதிரி படம் எடுத்தால் அதையும் வைக்கலாமா?

நூலகத்தோழி | ஜூன் 11, மாலை 6:30

முத்திரைக்கு மேல "நீக்கப்பட்டது"ன்னு இன்னொரு முத்திரையோ கையெழுத்தோ இருந்தா நூலகமே கழிச்சுக் கட்டினது, தயங்காம வைங்க. இல்லன்னா அது இன்னும் நூலகத்தோடதுதான். திருப்பிக் கொண்டு போய்க் கொடுங்க.

எண்ணூர்க்காரன் | ஜூன் 11, இரவு 7:05

இரண்டில் இருக்கிறது, இரண்டில் இல்லை. இல்லாத ஒன்றில் என் தாத்தா பக்கம் முழுக்கக் குறிப்பு எழுதியிருக்கிறார். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

கல்மண்டபம் | ஜூன் 15, இரவு 9:55

மூணு நாள் உட்கார்ந்து 60 புத்தகம் முடிச்சோம். அகராதியைக் கையில கொடுத்ததும் அப்பா தானாவே சொன்னார்: "இதைத்தான் கைல பிடிச்சுக்கிட்டே தங்கசாலைலேர்ந்து நடந்து வந்தேன், பஸ்ஸுக்குக் காசு மிச்சம் இல்ல." சம்பள நாள்தான்னும் சொல்றார். ஆனா தாள் இல்லாததால உறுதியா தெரியல. சீட்டுல "1972-க்குப் பின் அச்சானது. அப்பா சொன்னது: முதல் சம்பளம், தங்கசாலையிலிருந்து நடந்து"ன்னு எழுதிட்டேன்.

கேப்ஷன் இப்படி எழுதியிருக்கேன்:

"ராயபுரம். தேதி போட்ட முதல் புத்தகம் 1976, மூர் மார்க்கெட், 2 ரூபாய். தேதி போடாதது அதற்கும் முன்னால். கீழ்த் தட்டில் ஓடும் கோடு 2023 டிசம்பர் மழை."

பழையதாள் | ஜூன் 15, இரவு 10:30

நன்றாக இருக்கிறது. "தேதி போடாதது அதற்கும் முன்னால்" என்பதை மட்டும் மாற்றுங்கள், அது உறுதியில்லை. "தேதி போடாத அகராதி, தங்கசாலையிலிருந்து நடந்து வந்தது" என்று எழுதுங்கள். அவர் சொன்னதும் வரும், வருடமும் தவறாகாது.

அச்சுக்கடை | ஜூன் 16, காலை 11:20

அச்சடிக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். வேர்டு ஃபைலா கடையில கொடுக்காதீங்க. அவங்க கம்ப்யூட்டர்ல உங்க எழுத்துரு இல்லன்னா கட்டம் கட்டமா வரும். இல்லன்னா பாமினி எழுத்துருவுக்கு மாத்தும்போது கொம்பு இடம் மாறி, "கொ" இருக்கிற இடத்துல "ெகா" நிக்கும். வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்க, அதையும் அவங்க திரையில ஒரு தடவை கண்ணால பார்த்துட்டு அச்சுக்குச் சொல்லுங்க. கொம்பு, கால், புள்ளி மூணையும் விரல் வச்சுப் பாருங்க.

12க்கு 18 அங்குலப் படம்னா கீழே ரெண்டு அங்குலம் வெள்ளை விடணும். எழுத்து 28 பாயின்ட், ஒரு மீட்டர் தள்ளி நின்னாலும் படிக்கலாம். வரி இடைவெளியை ஒண்ணே கால் பங்குக்கு மேல வைங்க, இல்லன்னா மேல் வரியோட உகரக் காலும் கீழ் வரியோட இகரச் சுழியும் முட்டிக்கும். வெள்ளையில சுத்தக் கறுப்பு போதும், நிழல் எல்லாம் வேண்டாம்.

தண்டையார்பேட்டை செல்வம் | ஜூன் 16, மதியம் 12:40

ஃப்ரேமுக்குப் பின்னாடி நாலு மூலையிலயும் ரப்பர் பொட்டு ஒட்டுங்கம்மா. சுவத்தோட ஒட்டி மாட்டினா அதுக்குள்ளயும் ஈரம் ஏறி, படம் கண்ணாடியில ஒட்டிக்கும். படத்தைச் சுத்தி அட்டை ஓரம் வச்சு மாட்டச் சொல்லுங்க, கண்ணாடி படத்துல படாது.

கல்மண்டபம் | ஜூன் 22, இரவு 8:15

திருத்தி அச்சுக்குக் கொடுத்தாச்சு. பொட்டும் வாங்கிட்டேன், செல்வம் அண்ணா. இன்னும் 103 புத்தகம் பாக்கி. 1991 நாவலைத் திறந்தப்ப பின்னட்டை உள்பக்கம் அம்மா கையெழுத்துல "9 ரூபாய், அதிகம்"னு பென்சில்ல இருந்துச்சு. அப்பா இதுவரைக்கும் அதைப் பார்த்ததே இல்லையாம்.